எட்டில் ஒரு பங்கு

குழந்தைக்குத் தொண்டைப் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டும். தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தால் கொட்டைப் பாக்கு அளவில் ஒன்று இரண்டு உருண்டைகள் தட்டுப்படும். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரங்களில் அவை தாமாகவே அடங்கிவிடும். நெறி ஏன் கட்டுகிறது என்பது பலருக்கும் தெரியும். கிருமியை அடையாளம் கண்ட நிணநீர் அணுக்கள், அதாவது லிம்போசைட்டுகள், அந்தக் கணுவுக்குள் ஒன்று நூறாய், நூறு ஆயிரமாய்ப் பெருகுகின்றன. ஆனால் வீக்கம் எப்படி வடிகிறது என்று நாம் கேட்பதில்லை. பெருகிய அணுக்களில் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன. ஒரு சிறு பகுதி மட்டும் அந்தக் கிருமியின் நினைவைச் சுமந்துகொண்டு உயிரோடு இருக்கிறது. இந்தச் சாவு நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சில குழந்தைகளின் உடல் காட்டியிருக்கிறது.

1967-ல் அமெரிக்காவைச் சேர்ந்த கனாலே, ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். கழுத்திலும் அக்குளிலும் பெரிய பெரிய நெறிகள். வயிற்றின் இடப்புறம் மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். பார்ப்பவர் எவரும் நிணநீர்ப் புற்றுநோய் என்றே நினைப்பார்கள். கணுவை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் புற்று இல்லை. கூடவே, இந்தக் குழந்தைகளின் நோயெதிர்ப்பு மண்டலம் அவர்களுடைய சொந்த ரத்த அணுக்களையே அழித்துக்கொண்டிருந்தது. அணுக்கள் மிகுதியாகச் சேர்வதும், உடல் தன்னையே தாக்குவதும் ஒரே குழந்தையிடம் ஏன் சேர்ந்து வருகின்றன? அதற்கு விடை வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. வந்த வழியும் மனிதர்கள் வழியாக அல்ல, எலிகள் வழியாக.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. ஆய்வுக்கான எலி வகைகளை வளர்ப்பதே அங்கே முக்கிய வேலை. 1970-களின் பிற்பகுதியில் அங்கே எம்.ஆர்.எல். என்ற வகை எலிகளில் சிலவற்றுக்கு நிணநீர்க் கணுக்கள் இயல்பைப் போலப் பல மடங்கு வீங்கின. கழுத்தைச் சுற்றி உருண்டைகள் வெளியே தெரியும் அளவுக்கு இருந்தன. ரத்தத்தில் சொந்த டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் இருந்தன. சிறுநீரகம் கெட்டு, இவற்றில் பல ஐந்தாறு மாத வயதிலேயே இறந்தன. மனிதர்களுக்கு வரும் லூபஸ் நோயின் சாயல் அது. ஒரே ஒரு மரபணுக் கோளாறுதான் காரணம் என்பது கலப்புச் சோதனைகளில் தெரிந்தது. அதற்கு எல்.பி.ஆர். என்று பெயரிட்டார்கள். 1984-ல் வேறொரு எலி வகையில், வேறொரு குரோமோசோமில், இதே போன்ற நோயைத் தரும் இன்னொரு கோளாறு கிடைத்தது. அதற்கு ஜி.எல்.டி. என்று பெயர்.

இரண்டு மரபணுக்கள், ஒரே நோய். எலும்பு மஜ்ஜையைக் கலந்து மாற்றிப் பார்த்த சோதனைகள் ஓர் அழகான வேறுபாட்டைக் காட்டின. ஜி.எல்.டி. எலியின் அணுக்கள் நலமான அணுக்களோடு சேர்ந்து வளர்ந்தால் அளவுக்கு மீறிச் சேரவில்லை, பக்கத்து அணுக்கள் அவற்றின் குறையை ஈடுசெய்தன. எல்.பி.ஆர். எலியின் அணுக்களை நலமான பக்கத்து அணுக்களாலும் திருத்த முடியவில்லை. ஆக, ஒன்று செய்தியை அனுப்புவதில் உள்ள கோளாறு, மற்றது செய்தியைப் பெறுவதில் உள்ள கோளாறு என்று 1990 வாக்கிலேயே சிலர் ஊகித்தார்கள். அந்தச் செய்தி என்ன என்று அப்போது எவருக்கும் தெரியாது.

அது சாவுக்கான செய்தி. 1989-ல் ஜப்பானில் ஷின் யோனெஹாராவும், ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் பீட்டர் கிராமரும் தனித்தனியே ஒரே விஷயத்தைக் கண்டிருந்தார்கள். மனித அணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை ஆய்வுத் தட்டில் ஊற்றினால், அணுக்கள் சில மணி நேரத்தில் சுருங்கித் துண்டுகளாகிச் சாகின்றன. யோனெஹாரா அந்தப் புரதத்துக்கு வைத்த பெயர்தான் ஃபாஸ். ஒசாகாவில் சிகேகாசு நகாதாவின் குழு 1991-ல் ஃபாஸ் மரபணுவைப் பிரித்தெடுத்தது. மறு ஆண்டே அந்த மரபணு இருக்கும் இடமும் எல்.பி.ஆர். கோளாறு இருக்கும் இடமும் ஒன்று என்று காட்டியது. எல்.பி.ஆர். எலியின் ஃபாஸ் மரபணுவுக்குள், இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்து உட்கார்ந்திருந்தது. அதனால் அந்த அணுக்களில் ஃபாஸ் புரதம் அநேகமாக உருவாகவே இல்லை. 1993-ல் ஃபாஸைத் தொட்டுச் சாவைத் தொடங்கிவைக்கும் இணைப்புரதமும் கிடைத்தது. அதை ஃபாஸ் லிகண்ட் என்கிறார்கள். அடுத்த ஆண்டு ஜி.எல்.டி. எலியில் இந்த லிகண்டில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது தெரிந்தது. அந்த ஒரு மாற்றத்தால் அதற்கு ஃபாஸைப் பற்ற முடியவில்லை. மஜ்ஜைச் சோதனைகளின் ஊகம் அப்படியே சரியாயிற்று.

உயிரியலில் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தும் கதைகள் குறைவு. அனுப்புபவர் கெட்டாலும் பெறுபவர் கெட்டாலும் ஒரே நோய். அப்படியானால் இந்த ஒரு பாதை இல்லாமல் போவதே நோய்க்குக் காரணம் என்பதில் ஐயமே இல்லை.

இனி, அந்தச் செய்தி அணுவுக்குள் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பின்னால் வரப்போகும் புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஃபாஸ் புரதம் அணுவின் சவ்வைக் குத்திக்கொண்டு நிற்கிறது. ஒரு பகுதி வெளியே, ஒரு பகுதி உள்ளே. வெளிப்பகுதி லிகண்டைப் பற்றுவதற்கு. உள்ளே சுமார் எண்பது அமினோ அமில நீளத்தில் ஒரு பகுதி இருக்கிறது, அதற்கு மரணப் பகுதி என்றே பெயர். ஃபாஸ் தனித்து வேலை செய்வதில்லை. மூன்று சேர்ந்தால்தான் ஒரு ஏற்பி. லிகண்டும் மூன்று மூன்றாகவே வருகிறது. லிகண்ட் வந்து பற்றியதும் உள்ளே இருக்கும் மரணப் பகுதிகள் ஒன்றோடொன்று நெருங்கிச் சரியான வடிவில் திரள்கின்றன. அந்தத் திரளின் மேல் ஃபாட் என்ற இடையிணைப்புப் புரதம் வந்து ஒட்டுகிறது. ஃபாட் தன் மறுமுனையால் கேஸ்பேஸ்-8 என்ற நொதியின் தூங்கும் வடிவத்தை இழுத்துக்கொள்கிறது. இந்த நொதி மூலக்கூறுகள் நெருங்கி நின்றாலே போதும், ஒன்றையொன்று வெட்டி விழித்துக்கொள்ளும். விழித்த கேஸ்பேஸ்-8, கேஸ்பேஸ்-3-ஐ விழிக்கச் செய்யும். கேஸ்பேஸ்-3 அணுவின் உள்கட்டமைப்பை வெட்டத் தொடங்கும். டி.என்.ஏ.வை வெட்டும் நொதியைக் கட்டிவைத்திருக்கும் புரதத்தையும் அதுவே அறுத்துவிடும். டி.என்.ஏ. ஒழுங்கான சிறு துண்டுகளாகிறது. அணு சுருங்கிக் கொப்புளம் கொப்புளமாகப் பிரிகிறது. அதன் மேற்பரப்பில் தோன்றும் ஒரு கொழுப்பு மூலக்கூறை அடையாளம் கண்டு, பெருவிழுங்கணுக்கள் வந்து விழுங்கிவிடுகின்றன. உள்ளிருப்பது எதுவும் வெளியே சிந்துவதில்லை, அழற்சியும் ஏற்படுவதில்லை. இப்படி ஒழுங்காக நடக்கும் சாவைத்தான் அப்போப்டோசிஸ் என்கிறோம்.

இந்தப் பாதை எவ்வளவு ஆபத்தானது என்பதையும் நகாதாவின் குழுவே 1993-ல் காட்டியது. ஃபாஸைத் தூண்டும் எதிர்ப்புரதத்தை நலமான எலிக்கு ஊசியில் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் கல்லீரல் அணுக்கள் கூட்டமாக இறந்து எலிகள் மாண்டன. புற்றுக் கட்டிகளை இந்த எதிர்ப்புரதத்தால் கரைக்கலாம் என்று அதுவரை இருந்த பெரிய நம்பிக்கைக்கு அது பலத்த அடி. கல்லீரல் உட்படப் பல உறுப்புகளின் அணுக்களில் ஃபாஸ் எப்போதும் இருக்கிறது. ஆகவே உடல் கட்டுப்படுத்த வேண்டியது லிகண்டைத்தான். அது முக்கியமாகத் தூண்டப்பட்ட டி அணுக்களிலும் இயற்கைக் கொல்லி அணுக்களிலும், தேவைப்படும் நேரத்தில் மட்டும் தோன்றுகிறது.

டி லிம்போசைட் முதன்முறை தன் இலக்கைக் கண்டதும் பெருகத் தொடங்குகிறது. ஃபாஸ் அதன் மேல் ஓரிரு நாளில் ஏறிவிடுகிறது. ஆனாலும் முதல் சில நாட்களுக்கு அது சாவுக்கு இணங்காது. அப்படி இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கிருமியோடு போராட ஆளே மிஞ்சாது. சுமார் ஐந்தாறு நாள் கழித்து, இன்டர்லூகின்-2 என்ற வளர்ச்சித் தூண்டியில் ஊறிய பிறகு, அந்த அணு ஃபாஸ் வழிச் சாவுக்குத் தயாராகிறது. அந்த நிலையில் அதே இலக்கு மறுபடியும், மறுபடியும் எதிர்ப்பட்டால் அது லிகண்டை வெளியிடுகிறது. அந்த லிகண்ட் பக்கத்து அணுவின் ஃபாஸைத் தொடுகிறது, சில சமயம் தன்னுடையதையே தொடுகிறது. பெருக வைத்த அதே தூண்டுதல் திரும்பத் திரும்ப வந்தால் சாக வைக்கிறது.

சாதாரணத் தொற்று முடிந்து நெறி வடிவதற்கும் ஃபாஸ்தான் காரணம் என்று முதலில் பலர் நினைத்தார்கள். 2008-ல் வெளிவந்த எலி ஆய்வுகள் அதைத் திருத்தின. கிருமி ஒழிந்ததும் வளர்ச்சித் தூண்டிகள் வற்றிப்போகின்றன. அப்போது நடக்கும் சாவு பெரும்பாலும் அணுவின் மைட்டோகாண்ட்ரியா வழியாக, பிம் என்ற வேறொரு புரதத்தின் தூண்டுதலால் நடக்கிறது. ஃபாஸின் பங்கு, இலக்கு தீராமல் தொடர்ந்து இருக்கும் இடங்களில்தான் முக்கியமாகிறது. வைரஸ் தீர்ந்துவிடும். ஆனால் சொந்த உடலின் புரதங்கள் ஒருநாளும் தீராது. தன் உடலையே அடையாளம் காணும் லிம்போசைட் ஒன்று தைமஸின் வடிகட்டலைத் தப்பி வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் இலக்கு ஒவ்வொரு நாளும் அதன் முன்னால் இருக்கும். திரும்பத் திரும்பத் தூண்டப்பட்டு அது ஃபாஸ் வழியே இறக்க வேண்டும். ஃபாஸ் இல்லாவிட்டால் அது இறக்காது, பெருகும். கணு வீங்குவதும் உடல் தன்னைத் தாக்குவதும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்ற பழைய கேள்விக்கு விடை இதுதான். இரண்டும் ஒரே சாவு நடக்காததன் இரு முகங்கள்.

பி லிம்போசைட்டுகளுக்கும் இது பொருந்தும். அவை நிணநீர்க் கணுவின் முளைமையங்களில் தம் எதிர்ப்புரத மரபணுவை வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் பார்க்கின்றன. அந்தக் குருட்டு மாற்றங்களில் சில, சொந்த அணுக்களைப் பற்றும் எதிர்ப்புரதத்தைத் தந்துவிடும். அங்கிருக்கும் பி அணுக்கள் ஃபாஸை ஏராளமாகத் தாங்கி நிற்கின்றன. அந்த இடத்தில் மட்டும் ஃபாஸை நீக்கிய எலிகளிலும் லிம்போசைட்டுகள் அளவுக்கு மீறிப் பெருகின.

எலியில் விடை கிடைத்ததும் மனிதர்களில் தேடுவது எளிதாயிற்று. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவர்கள், எல்.பி.ஆர். எலிகளைப் போலவே இருந்த சில குழந்தைகளை 1992-லேயே விவரித்திருந்தார்கள். 1995-ல் அங்கிருந்து மைக்கேல் லெனார்டோ உள்ளிட்டோரின் குழுவும், பாரிஸில் ரியூ-லோகா உள்ளிட்டோரின் குழுவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் அந்தக் குழந்தைகளின் ஃபாஸ் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டன. கனாலேயும் ஸ்மித்தும் விவரித்த அந்த நோய்க்கு இப்போது ஏ.எல்.பி.எஸ். என்று பெயர்.

இங்கேதான் புதிர் வந்தது. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. எல்.பி.ஆர். எலிக்கு நோய் முழுமையாக வர இரண்டு பிரதிகளும் கெட வேண்டும். ஒன்று நன்றாக இருந்தால் எலி அநேகமாக நலமாகவே இருக்கும். ஆனால் ஏ.எல்.பி.எஸ். குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு ஒரு பிரதிதான் கெட்டிருந்தது. மற்றது முழு நலம். பாதி மரபணு சரியாக இருந்தும் சாவு ஏன் ஏறத்தாழ முழுவதுமாக நின்றுபோகிறது?

ஃபாஸ் மூன்று மூன்றாகச் சேருவதை நினைத்துப் பாருங்கள். மூன்று கல் வைத்துக் கூட்டிய அடுப்பு மாதிரிதான் அது. இரண்டு கல் உறுதியாக இருந்து மூன்றாவது உதிர்ந்துபோனாலும் பானை நிற்காது. குழந்தையின் அணு நல்ல ஃபாஸையும் கெட்ட ஃபாஸையும் சமமாக உருவாக்குகிறது. எது எதோடு சேர வேண்டும் என்று அணுவுக்குத் தெரியாது, கையில் கிடைத்ததை மூன்று மூன்றாகச் சேர்க்கிறது. முதல் இடத்தில் நல்லது அமைய இரண்டில் ஒரு வாய்ப்பு. இரண்டாவது இடத்திலும் இரண்டில் ஒன்று, மூன்றாவதிலும் அப்படியே. மூன்றும் நல்லதாக அமைய எட்டில் ஒரு வாய்ப்புதான். மீதி ஏழு கூட்டங்களில் குறைந்தது ஒரு கெட்ட உறுப்பினராவது இருக்கும். உள்ளே மரணப் பகுதிகள் சரியாகத் திரளாது, ஃபாட் ஒட்டாது, கேஸ்பேஸ்-8 விழிக்காது. பாதிப் பிழை, எட்டில் ஏழு பங்கு இழப்பாகிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் நலமான அணுக்களுக்குள் இந்தக் கெட்ட மரபணுவைச் செலுத்திப் பார்த்தபோது அவையும் சாவை எதிர்த்து நின்றன.

இந்தக் கணக்கு சரியாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு. கெட்ட ஃபாஸ் நல்லதோடு சேரும் திறனை இழந்திருக்கக் கூடாது. லிகண்ட் வந்த பிறகே மூன்றும் கூடுகின்றன என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2000-ல் லெனார்டோவின் குழு, லிகண்ட் வருமுன்பே ஃபாஸ்கள் தம் வெளிமுனையிலுள்ள ஒரு பகுதியால் ஒன்றையொன்று பற்றிக் கூடி நிற்கின்றன என்று காட்டியது. ஆக, மிகவும் தீங்கு செய்வது எந்த வகைப் பிழை என்று இப்போது சொல்ல முடிகிறது. வெளிமுனை நன்றாக இருந்து உள்முனையின் மரணப் பகுதி மட்டும் கெட்டிருக்கும் ஃபாஸ்தான் அது. கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும், வேலையைக் கெடுக்கும். எல்.பி.ஆர். எலியில் அப்படி இல்லை. அங்கே கெட்ட பிரதியிலிருந்து புரதமே பெரிதாக உருவாவதில்லை. இல்லாத ஒன்று யாரையும் கெடுக்க முடியாது. ஆகவே நல்ல பிரதி ஒன்றிருந்தால் எலி தப்பிக்கிறது. எலிக்கும் குழந்தைக்கும் இருந்த வேறுபாடு உயிரினத்தின் வேறுபாடே அல்ல, பிழையின் வகைதான்.

இதே கணக்கு குடும்பங்களிலும் தெரிகிறது. மரணப் பகுதியில் பிழை உள்ள குடும்பங்களில் அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருகிறது. வெளிப்பகுதியில் பிழை ஏற்பட்டுப் புரதமே உருவாகாத குடும்பங்களில் சுமப்பவர்களில் பலர் நலமாக இருக்கிறார்கள். சிலருக்கு மட்டும் நோய் வருகிறது. அந்தச் சிலருக்கு ஏன்? பாரிஸ் குழு 2011-ல் அதற்கு விடை கண்டது. அவர்களுடைய லிம்போசைட்டுகளில் சிலவற்றில், பிறந்த பிறகு, நல்ல பிரதியும் கெட்டுப்போயிருந்தது. அணுக்கள் பிரியும்போது இப்படிப்பட்ட தற்செயலான இழப்புகள் எல்லோருக்கும் ஏற்படுகின்றன, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இங்கே இழந்த அணு சாகாத அணுவாகிவிடுகிறது. மற்றவை இறக்க இறக்க, அதன் சந்ததி மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. பெற்றோரிடமிருந்து எந்தப் பிழையும் பெறாத சிலருக்கும் இது நேரலாம். அவர்களுடைய லிம்போசைட்டுகளில் ஒரு பகுதியில் மட்டும் பிழை தோன்றி நோய் வருகிறது என்பது 2004-லேயே தெரிந்திருந்தது. இந்த நோயில் என்னை மிகவும் நிற்கவைத்துச் சிந்திக்கவைப்பது இதுதான். ஒரு குழந்தைக்கு மரபணுவில் பிழை இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, எந்த அணுவில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு மருத்துவருக்கு எப்படிப் பயன்படுகிறது? மூன்று வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிக்கொள்வோம். இந்த நோயில் பொதுவாகக் காணப்படுவதை மட்டுமே அந்தக் குழந்தைக்குத் தருகிறேன். இரண்டு வயதிலிருந்தே கழுத்தில் நெறி, வலி இல்லை, காய்ச்சல் இல்லை. காசநோய்ச் சோதனைகளிலும் எதுவும் இல்லை. விலா எலும்புக்குக் கீழே மண்ணீரல் நான்கு விரல் இறங்கியிருக்கிறது. இப்போது திடீரென்று வெளிறிப்போய், கண்ணில் மஞ்சள் தெரிகிறது, காலில் சிவப்புப் புள்ளிகள். ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருக்கின்றன. சிவப்பணுக்களின் மேல் சொந்த உடலின் எதிர்ப்புரதம் ஒட்டியிருப்பதைக் கூம்ஸ் சோதனை காட்டுகிறது. தானாகச் சிவப்பணு அழிவதும் தட்டணு அழிவதும் ஒன்றாகவோ ஒன்றன்பின் ஒன்றாகவோ வந்தால், கூடவே ஆறு மாதத்துக்கு மேல் நெறியும் இருந்தால், ஃபாஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதல் தடயம் சாதாரண ரத்தத்திலேயே கிடைக்கும். முதிர்ந்த டி அணுக்களில் ஏறத்தாழ எல்லாமே சி.டி.4 அல்லது சி.டி.8 என்ற இரு அடையாளங்களில் ஒன்றைத் தாங்கியிருக்கும். ஏ.எல்.பி.எஸ். குழந்தைகளிடம் இந்த இரண்டும் இல்லாத டி அணுக்கள் மிகுந்திருக்கும். எல்.பி.ஆர். எலியின் வீங்கிய கணுக்களை நிரப்பியிருந்ததும் இதே வகை அணுக்கள்தான். சாக வேண்டிய நேரத்தில் சாகாமல், தம் அடையாளத்தை இழந்து சுற்றும் பழைய அணுக்கள் இவை என்று கருதப்படுகிறது. 2009-ல் வல்லுநர்கள் வகுத்த அளவுகோலின்படி, மொத்த லிம்போசைட்டுகளில் இவை 1.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டாவது தடயம் எவரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வருகிறது. ரத்தத்தில் வைட்டமின் பி12 மிக அதிகமாக இருக்கும். குழந்தை மாத்திரை எதுவும் சாப்பிட்டிருக்காது. இந்த லிம்போசைட்டுகள் பி12-ஐப் பற்றிச் சுமக்கும் ஒரு புரதத்தை மிகுதியாகச் சுரப்பதே காரணம். லிகண்டின் ஒரு பகுதி வெட்டுப்பட்டு ரத்தத்தில் கரைந்து திரிவதும் அளவுக்கு மேல் கூடியிருக்கும்.

அணுக்கள் உண்மையிலேயே சாக மறுக்கின்றனவா என்று நேரடியாகவும் பார்க்கலாம். குழந்தையின் டி அணுக்களைத் தூண்டி, இன்டர்லூகின்-2 ஊற்றிச் சில நாள் வளர்க்கிறார்கள். பிறகு ஃபாஸைத் தூண்டும் எதிர்ப்புரதத்தைச் சேர்த்து, மறுநாள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். நலமானவரின் அணுக்களில் பெரும்பகுதி இறந்திருக்கும், குழந்தையுடையவை பிழைத்திருக்கும். ஆனால் பிழை சில அணுக்களில் மட்டும் இருக்கும் குழந்தைக்கு இந்தச் சோதனை இயல்பாகவே வந்துவிடும். தட்டில் வளர்வது பிழையற்ற அணுக்கள், இரட்டை அடையாளம் இழந்தவை தட்டில் நன்றாக வளர்வதில்லை. சாதாரண மரபணுச் சோதனையும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடலாம். அந்த இரட்டை அடையாளம் இழந்த அணுக்களை மட்டும் பிரித்தெடுத்து அவற்றின் ஃபாஸ் மரபணுவைப் படித்தால்தான் உண்மை வெளிவரும்.

நோய் தெரிந்துவிட்டால் சில தவறுகளைத் தவிர்க்கலாம். அவற்றில் பெரியது மண்ணீரலை எடுப்பது. தட்டணு குறையும் பல நோய்களில் மண்ணீரலை எடுத்தால் பயன் உண்டு. இங்கே பலன் நிலைப்பதில்லை, ரத்த அணுக்கள் மறுபடி குறைகின்றன. அதைவிட மோசம், மண்ணீரல் இல்லாத இந்தக் குழந்தைகளுக்கு நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகள் ரத்தத்தில் பரவி உயிரைப் பறிக்கும் ஆபத்து மிக அதிகம். மருத்துவ நூல்கள் இதைச் சற்று அடக்கமாகச் சொல்கின்றன. நான் உரக்கவே சொல்வேன்: காரணம் தெரியாமல் ஒரு குழந்தையின் மண்ணீரலில் கத்தி வைக்கக் கூடாது.

சிகிச்சை என்பது நெறியைக் கரைப்பதற்காக அல்ல, நெறி பார்க்க எவ்வளவு பெரிதாக இருந்தாலும். ரத்த அணுக்கள் குறையும்போது முதலில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். நாட்பட்டால் மைக்கோபினோலேட் அல்லது சிரோலிமஸ். சிரோலிமஸ் ஆர்வமூட்டும் தேர்வு. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பயன்படும் இந்த மருந்து, அணுக்களை வளரச் சொல்லும் எம்டார் என்ற பாதையைத் தடுக்கிறது. ஃபாஸ் இல்லாத லிம்போசைட்டுகளில் அந்தப் பாதை மிகையாக ஓடுகிறது. எலிகளில் பலன் கண்ட பிறகு குழந்தைகளுக்குக் கொடுத்தபோது ரத்த அணுக்கள் ஏறியதோடு, நெறியும் மண்ணீரலும் வடிந்தன, இரட்டை அடையாளம் இழந்த அணுக்களும் குறைந்தன. ஆனால் மருந்தின் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வாய்ப் புண்ணும் கொழுப்பு ஏற்றமும் வரலாம்.

வயது ஏற ஏறப் பலருக்கு நெறி தானாகவே குறைகிறது. வளரிளம் பருவத்தில் கழுத்து இயல்பாகிவிடும். ரத்த அணுக்கள் குறையும் தொல்லையை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, பெரியவர்களிடமும் அது திரும்பலாம். இன்னொரு கவலை வாழ்நாள் முழுவதும் கூட வருகிறது. சாகாத அணுக்களில் பிழைகள் சேர்ந்தால் உண்மையான நிணநீர்ப் புற்றும் வரலாம். ஃபாஸ் பிழை உள்ள குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்று 2001-ல் வெளிவந்தது. அவர்களுக்கு ஹாட்ஜ்கின் வகைப் புற்றின் வாய்ப்பு மற்றவர்களைவிட 51 மடங்கு, மற்ற நிணநீர்ப் புற்றுகளின் வாய்ப்பு 14 மடங்கு என்று அது சொன்னது. ஆகவே அடங்கிய நெறி ஒன்று திடீரென்று கடினமாகிப் பெருத்தால், பழைய நோய்தானே என்று விட்டுவிட முடியாது. மறுபடியும் சதைப் பரிசோதனை செய்துதான் ஆக வேண்டும்.

இரண்டு பிரதிகளும் கெட்டுப் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலர் உண்டு. அவர்களுக்கு நோய் பிறவியிலேயே கடுமையாகத் தொடங்கும். எல்.பி.ஆர். எலியின் நிலை அதுதான். அப்படிப்பட்டவர்களுக்கும், எந்த மருந்துக்கும் அடங்காத மற்றவர்களுக்கும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை ஒரு வழி. பொதுவாக மஜ்ஜை கொடுக்க உடன்பிறந்தவரையே முதலில் தேடுவார்கள். இங்கே அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அண்ணனோ தங்கையோ நலமாக ஓடியாடிக்கொண்டிருந்தாலும், அவர்களுடைய ஃபாஸ் மரபணுவைப் படித்துப் பார்க்க வேண்டும். அதே பிழையைச் சுமந்துகொண்டே ஒருவர் நோயின்றி இருக்கலாம், அவருடைய மஜ்ஜையைக் கொடுத்தால் அந்தப் பிழையும் கூடவே போய்ச் சேரும்.